முழங்கைக்கு மேலே ஸ்லிங், கீழே உடம்பு

“ஆறு மாசமா கிளப்பில் பாயிண்ட் 22 ரைஃபிள் சுடுறேன். ப்ரோனில் ஸ்லிங்கை எவ்வளவு இறுக்கணும்னு யாரும் தெளிவாச் சொல்லலை. இறுக்கினா கை மரத்துப் போகுது, குறி துடிக்குது. தளர்த்தினா ரைஃபிள் ஆடுது. நீலிங்கில் அதே ஓட்டையில் மாட்டினா சரியா வரலை. ஸ்டாண்டிங்கில் ஸ்லிங்கே கூடாதுங்கிறாங்க. ஏன் ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு கதை?”

படுத்துச் சுடும் ப்ரோன், ஒரு முட்டி ஊன்றிச் சுடும் நீலிங், நின்று சுடும் ஸ்டாண்டிங், மூன்றுக்கும் கதை ஒன்றுதான். ஸ்லிங் என்பது ரைஃபிளையும் மேல்கையையும் இணைக்கும், ஓட்டைகளால் இறுக்கம் மாற்றும் பட்டை. ரைஃபிளின் எடை உங்கள் உடம்பில் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று பார்த்தால் எல்லாம் ஓர் ஒழுங்கில் வந்துவிடும். நான் இருபது வருடத்துக்கு மேலாகச் சுடுகிறேன். பாதிக் காலம் ஜூனியர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் போனது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வலது கையால் சுடுபவருக்காக எழுதுகிறேன். நீங்கள் இடது கையென்றால் மாற்றிப் படியுங்கள்.

முதலில் நாம் எவ்வளவு சிறிய அசைவைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரிய வேண்டும். 50 மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். தோட்டாவின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், தோட்டாவின் மையம் நடுவிலிருந்து சுமார் 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். 50 மீட்டரில் 8 மில்லிமீட்டர் என்பது, சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள ரைஃபிளின் முனையில் 0.16 மில்லிமீட்டர். ஒரு சாதாரணத் தாளின் தடிமன் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர். ஆக, பின்பக்கம் அசையாமல் இருக்க, முனை மட்டும் இரண்டு தாள் தடிமன் நகர்ந்தாலே பத்து போய்விட்டது. சுருங்கிப் பிடித்திருக்கும் தசை எதுவும் இவ்வளவு நேரம் இவ்வளவு அசையாமல் இருக்காது. அது நடுங்கும், களைக்கும், களைத்ததும் மெல்ல இறங்கும். எலும்பு களைக்காது, தோல் பட்டையும் களைக்காது. ஆகவே எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் தசையின் வேலையை எலும்புக்கும் பட்டைக்கும் மாற்றிவிட வேண்டும்.

ப்ரோனில் இது ஏறக்குறைய முழுமையாக நடக்கிறது. இடது முழங்கை தரை விரிப்பில் ஊன்றியிருக்கிறது. முன்கை ஒரு சாய்ந்த தூண், அதன் உச்சியில் ரைஃபிள். ரைஃபிளின் எடை அந்தத் தூணை முன்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும், அதாவது முழங்கை மடிப்பை விரிக்கப் பார்க்கும். ஸ்லிங் இல்லாவிட்டால் அதைத் தடுக்க மேல்கைத் தசைதான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பந்தல் காலைச் சாய்வாக நட்டு, அது விழாமல் பின்பக்கம் கயிறு இழுத்துக் கட்டுவார்கள் அல்லவா, ஸ்லிங் அந்தக் கயிறு. ஒரு முனை ரைஃபிளின் அடியில் இடது கை முட்டி நிற்கும் ஹேண்ட்ஸ்டாப்பில், மறுமுனை மேல்கையில். முன்கை, மேல்கை, ஸ்லிங் மூன்றும் சேர்ந்து மூடிய முக்கோணம் ஆகிவிடுகின்றன. மூடிய முக்கோணம் தானாக விரியாது. இன்னொரு பலனும் உண்டு. முன்னால் சரியப் பார்க்கும் கையை ஸ்லிங் பின்னால் இழுப்பதால், ரைஃபிளின் பின்முனையான பட் பிளேட் தோளில் தானாகவே அழுந்தி உட்காரும். வலது கை ரைஃபிளைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை, ட்ரிகரைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஸ்லிங் கட்டிவைப்பது ஊன்றிய முழங்கைக்கு மேலே உள்ள பகுதியை மட்டும். முழங்கைக்குக் கீழே என்ன இருக்கிறதோ அதை ஸ்லிங்கால் ஒன்றும் செய்ய முடியாது. ப்ரோனில் கீழே தரை. நீலிங்கில் கீழே முட்டி, கணுக்கால், பின்பக்கம் ஒரு குதிகால். ஸ்டாண்டிங்கில் கீழே உங்கள் முழு உடம்பு.

சரி, எவ்வளவு இறுக்குவது? பெரும்பாலோர் முதலில் ஸ்லிங்கைத் திருகுகிறார்கள். ஹேண்ட்ஸ்டாப்பின் இடத்தை முடிவு செய்யாமல் ஸ்லிங்கைத் தொட்டால் ஓட்டை எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ரைஃபிள் காலியா என்று பார்த்து, போல்ட்டைத் திறந்து உள்ளே விரலால் தொட்டும் பார்த்துவிட்டு, ஸ்லிங் இல்லாமல் விரிப்பில் படுங்கள். உடம்பு குறிக்கோட்டிலிருந்து கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருக்கட்டும். வலது முட்டியை மேலே இழுத்துக்கொண்டால் வயிறு தரையிலிருந்து சற்று எழும்பும், மூச்சுக்கு இடம் கிடைக்கும். தலையைக் கழுத்து வலிக்காத உயரத்தில் வைத்து, முனை டார்கெட் உயரத்துக்கு வரும்வரை இடது கையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கை முன்னே போனால் முன்கை படுக்கும், முனை இறங்கும். பின்னே வந்தால் முனை ஏறும். சர்வதேச விதிப்படி முன்கை தரையோடு 30 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஹேண்ட்ஸ்டாப்பைப் பூட்டி, அது நகரும் ரெயிலில் உள்ள எண்ணை நோட்டில் எழுதிவிடுங்கள்.

அப்புறம் ஸ்லிங்கை மிகத் தளர்வான ஓட்டையில் மாட்டிப் படுங்கள். இடது கை விரல்களை முழுதாகத் தளர விடுங்கள், ரைஃபிள் உள்ளங்கையில் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். வலது கையை மெல்ல எடுத்துவிடுங்கள். ரைஃபிள் முன்னே சரிந்தால், அல்லது முனை இறங்கினால், ஸ்லிங் இன்னும் வேலை செய்யவில்லை என்று பொருள். ஒரு ஓட்டை இறுக்கி மறுபடியும் பாருங்கள். வலது கை இல்லாமலே பட் பிளேட் தோளில் நின்று, முனையும் கறுப்பு வட்டத்தின் பக்கத்திலேயே நிற்கும் முதல் ஓட்டை எதுவோ அதுதான் உங்கள் ஓட்டை. அதற்கு மேல் இறுக்குகிற ஒவ்வொரு ஓட்டையும் உங்களுக்கு எதையும் தருவதில்லை, நாடித்துடிப்பை மட்டும்தான் கொண்டுவந்து சேர்க்கும்.

தளர்வாக இருப்பதற்கு அடையாளம் வேறு. முதல் பத்து ஷாட் நன்றாக இருக்கும், பிறகு டார்கெட்டில் ஷாட்கள் விழும் குழு மெல்லக் கீழே இறங்கும், இடது விரல்கள் உங்களுக்குத் தெரியாமலே ரைஃபிளைப் பற்ற ஆரம்பித்திருக்கும். அதிக இறுக்கத்தின் அடையாளத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மூச்சை நிறுத்திய பிறகும் ஃபிரண்ட் சைட் கடிகாரம் மாதிரி ஒரே தாளத்தில் துள்ளினால் அது நாடி. மேல்கையின் உட்பக்கமாகத்தான் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. ஸ்லிங்கின் இழுப்பு அங்கே அழுந்தினால் ஒவ்வொரு துடிப்பும் பட்டை வழியாக ரைஃபிளுக்கு வந்துவிடும். ஆகவே பட்டை கையிலிருந்து புறப்படும் இடம் மேல்கையின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உட்பக்கம் இருக்கவே கூடாது. ஜாக்கெட்டின் கை மடிந்து சுருங்கியிருந்தால் அந்த மடிப்பும் அதே இடத்தில் குத்தும், ஸ்லிங் மாட்டும் முன் அதை நீவிவிடுங்கள்.

பட்டையைத் தோளுக்கு அருகே உயர்த்திக் கட்டுவதா, மேல்கையின் நடுவில் கட்டுவதா என்பதில் பயிற்சியாளர்களுக்குள் ஒரே கருத்து கிடையாது. உயர்த்திக் கட்டினால் நாடி குறைகிறது என்று நான் பார்த்த பிள்ளைகளில் அதிகம் பேர் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான். ஆனால் கை பருத்தவர் ஒருவருக்கு நடுவில் கட்டியபோதுதான் துடிப்பு அடங்கியது. இதை யாராவது ஒரே பதிலாகச் சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு இடத்திலும் பத்துப் பத்து ஷாட் சுட்டுப் பார்த்துவிடுங்கள்.

மரத்துப்போவதிலும் வகை உண்டு. உள்ளங்கை முழுவதும் மெல்ல மரத்து, ஸ்லிங்கைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் சரியானால் அது இறுக்கம், அல்லது ஹேண்ட்ஸ்டாப்பில் கை நசுங்குவது. தடித்த கிளவ் உதவும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மின்சாரம் மாதிரி கூசினால் ஸ்லிங்கைக் குறை சொல்லாதீர்கள். முழங்கையின் உட்பக்கக் குழியில் ஒரு நரம்பு ஓடுகிறது, நீங்கள் அதன் மேல் ஊன்றியிருக்கிறீர்கள். முழங்கையை ஒரு விரல் அளவு உருட்டி வையுங்கள். கூச்சம் அடுத்த நாளும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், அதற்கு நான் பதில் சொல்வது சரியல்ல.

நானே ஒருமுறை இதில் மாட்டியிருக்கிறேன். ஒரு மாநிலப் போட்டியில், பயிற்சியில் ஆறாவது ஓட்டையில் சுட்டவன், பதற்றத்தில் ஏழுக்கு இறுக்கினேன். முதல் சீரிஸ் பிரமாதம். கட்டிப்போட்டது மாதிரி நின்றது. மூன்றாவது சீரிஸில் சைட் துள்ள ஆரம்பித்தது. துடிப்புகளுக்கு நடுவே சுடப் பார்த்து ட்ரிகரை இழுத்துவிட்டேன், ஒன்பதுகள் வரிசையாக வந்தன. நடுவில் எழுந்து ஓட்டையை மாற்றியிருக்கலாம். மாற்றினால் முனை நிற்கும் இடமே மாறிவிடுமே என்று பயந்து மாற்றவில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான், அடுத்து சொல்லப்போவது அதைத்தான்.

ஸ்லிங் முனையை நிறுத்தித் தருகிறது, ஆனால் எங்கே நிறுத்துகிறது என்பதை முடிவு செய்வது உங்கள் உடம்பின் கிடை. படுத்து, குறிவைத்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு முழுதாக விட்டுத் தளருங்கள். கண்ணைத் திறக்கும்போது சைட் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் இயல்புக் குறி. அது டார்கெட்டின் வலப்பக்கம் நின்றால், கையால் இடப்பக்கம் தள்ளிச் சுடாதீர்கள். தள்ளியது தசை, ஷாட் கிளம்பும் நேரத்தில் அது திரும்பிப் போகும். இடது முழங்கையை அச்சாணியாக வைத்துக்கொண்டு இடுப்பை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் முனை தானே இடப்பக்கம் வரும். மூச்சு விடும்போது சைட் நேர்மேலும் கீழுமாகப் போக வேண்டும். சாய்வாகப் போனால், முழங்கை ரைஃபிளுக்கு அடியில் சரியாக இல்லை, அல்லது உடம்பு முறுக்கியிருக்கிறது. இந்தச் சாய்வு மூச்சை நான் ஸ்லிங் இறுக்கத்தைவிட முக்கியமாகப் பார்ப்பேன், ஏனென்றால் சுடுபவருக்கே கண்ணில் தெரியும்.

இப்போது நீலிங்குக்கு வருவோம். உடம்பு நிமிர்ந்துவிட்டது, ரைஃபிள் முகத்துக்கு உயர்ந்துவிட்டது, முழங்கை மடிப்பு குறுகிவிட்டது. கைக்கும் மேல்கைக்கும் உள்ள தூரம் குறைந்தால் அதே ஓட்டை தொளதொளக்கும். அதனால்தான் உங்களுக்குச் சரியாக வரவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஹேண்ட்ஸ்டாப் ப்ரோனைவிடப் பின்னால் வரும், ஸ்லிங் ஒன்றிரண்டு ஓட்டை இறுகும். ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மேலே சொன்ன சோதனையை நீலிங்கில் மறுபடி செய்துதான் உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய வேலை முழங்கைக்குக் கீழே இருக்கிறது. வலது கணுக்காலின் வளைவுக்கு அடியில் நீலிங் ரோல் என்னும் உருளைத் தலையணை, குதிகாலின் மேல் உட்காருகிறீர்கள். எடையில் பாதிக்கு மேல் அந்தக் குதிகாலில் இறங்க வேண்டும். நிறையப் பேர் வலிக்கு பயந்து முன்பக்கம் சாய்ந்து இடது காலில் பாரத்தைப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் இடது தொடை பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதாகிறது, பத்து நிமிடத்தில் நடுங்கும். இடது முழங்காலின் கீழ்ப்பகுதி பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய நேர் நிலையில் நிற்க வேண்டும், அது இரண்டாவது தூண். முழங்கையின் கூரான எலும்பை முட்டிச் சில்லின் மேல் வைக்காதீர்கள். உருண்டையின் மேல் உருண்டை, உருளத்தான் செய்யும். முட்டிக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ சமமான இடத்தில் வையுங்கள். விதி முட்டி நுனிக்கு முன்னால் 100 மில்லிமீட்டரும் பின்னால் 150 மில்லிமீட்டரும் அனுமதிக்கிறது.

ரோல் கெட்டியாக நிரப்பியிருந்தால் உங்களை முன்னே தள்ளும், மெத்தென்றிருந்தால் சுடச் சுட அமுங்கி முனை நகரும். குழு பக்கவாட்டில் நீண்டால் எனக்கு முதல் சந்தேகம் குதிகால் நடுவில் இல்லையோ என்றுதான் வரும். பாதம் மரத்துவிட்டால் குழுவே ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டு போகும், ஏனென்றால் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற உணர்வு போய்விடுகிறது. எழுந்து காலை உதறி மறுபடி உட்காரலாம். உட்கார்ந்ததும் கண்ணை மூடும் சோதனையை விடாமல் செய்யுங்கள்.

ஸ்டாண்டிங்கில் ஸ்லிங் கூடாது என்பது விதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் விதி இல்லாவிட்டாலும் டார்கெட் ரைஃபிளில் அது பெரிதாக உதவாது என்பது என் கருத்து. நின்றபடி சுடும்போது இடது முழங்கை இடுப்பெலும்பின் மேலோ, விலாவின் ஓரத்திலோ உட்காருகிறது. முன்கை ரைஃபிளுக்கு நேர் அடியில் செங்குத்தாக நிற்கிறது. எடை நேரே கீழே இறங்குகிறது. சாயாத தூணுக்குக் கயிறு எதற்கு? முழங்கை மடிப்பை விரிக்கும் இழுப்பே இங்கு இல்லை. காட்டிலோ படையிலோ நின்றபடி பட்டையைக் கையில் சுற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கை முன்னால் நீண்டு சாய்வாக இருக்கிறது, முழங்கை இடுப்பில் இல்லை. அதனால் கொஞ்சம் பலன் உண்டு.

இங்கே உங்களைத் தாங்குவது இடுப்பும் முதுகும். ரைஃபிள் 8 கிலோ வரை இருக்கலாம், அது உடம்புக்கு முன்னால் தொங்குகிறது. அதைச் சமன் செய்ய மேலுடம்பு பின்னால் சாய்ந்து கொஞ்சம் திரும்பும். அந்தச் சாய்வின் முடிவில் முதுகெலும்பு தானே பூட்டிக்கொண்டு நிற்கும், தசை பிடிக்கத் தேவையில்லை. இடுப்பு முன்னே தள்ளி, இடது முழங்கைக்கு அடியில் வந்துவிட வேண்டும். கை நீளம் போதாதவர்கள் முழங்கையைக் கொண்டுபோவதற்காக இடுப்பைத் தூக்குவார்கள். அதற்குப் பதில், ரைஃபிளுக்கு அடியில் உள்ளங்கை தாங்கும் பாம் ரெஸ்ட்டைக் கீழே இறக்குவதுதான் சரி. ஸ்டாண்டிங்கில் மட்டும் அதை அனுமதிக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் முனை நிற்காது. உடம்பு இரண்டு பாதத்தின் மேல் ஆடிக்கொண்டேதான் இருக்கும். சைட் கறுப்பு வட்டத்தைக் கடக்கும்போது சட்டென்று ட்ரிகரைப் பிடுங்குவதுதான் இங்கே நடக்கும் பிழை. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஷாட் போனதும் ஸ்கிரீனைப் பார்க்கும் முன் “வலப்பக்கம், ஒன்பது” என்று நீங்களே சொல்லுங்கள். சொன்ன இடத்திலேயே விழுந்தால் ஆட்டம்தான் காரணம், நிலையைச் சீர்செய்ய வேண்டும். நடுவில் என்று சொன்னது வெளியே விழுந்தால் ட்ரிகர்தான் காரணம்.

இந்த மூன்று நிலைகளின் வித்தியாசத்தை எண்ணில் பார்க்க வேண்டுமென்றால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்ற இறுதிச்சுற்றை எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 451.4. நீலிங்கில் 15 ஷாட்டுக்கு 153.3, அதாவது ஷாட்டுக்கு 10.22. ப்ரோனில் 15 ஷாட்டுக்கு 156.8, ஷாட்டுக்கு 10.45. ஸ்டாண்டிங்கில் 14 ஷாட்டுக்கு 141.3, ஷாட்டுக்கு 10.09. ஒரே ஆள், ஒரே நாள். முழங்கைக்குக் கீழே தரை இருந்தபோது அதிகம், முட்டி இருந்தபோது அடுத்தது, உடம்பு மட்டும் இருந்தபோது குறைவு. ஸ்டாண்டிங் கடைசியில் வருவதால் பதற்றமும் சேர்ந்திருக்கும், எல்லா வித்தியாசத்தையும் நிலையின் மேல் போட முடியாது. ஆனால் வரிசை, ரேஞ்சில் நான் தினமும் பார்க்கும் வரிசைதான்.

உங்களுக்கு என் யோசனை இது. இரண்டு வாரம் ப்ரோன் மட்டும் சுடுங்கள். ஹேண்ட்ஸ்டாப் எண், ஸ்லிங் ஓட்டை, மேல்கையில் பட்டை இருந்த இடம் மூன்றையும் ஒவ்வொரு நாளும் எழுதுங்கள், ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அது நிலைத்த பிறகு நீலிங்குக்குத் தனியாக மூன்று எண்களை எடுங்கள். ஸ்டாண்டிங்கை வீட்டிலேயே, வெறும் சுவரைப் பார்த்து, காலி ரைஃபிளோடு தினமும் கால் மணி நேரம் பிடித்துப் பழகலாம். தோட்டா அதே அறையில் இருக்கக் கூடாது. உங்கள் முழங்கை உண்மையில் எங்கே ஊன்றுகிறது என்பதை எழுத்தில் பார்த்து என்னால் சொல்ல முடியாது. கிளப்பில் யாரையாவது பக்கவாட்டிலிருந்தும், ரேஞ்ச் மூடியிருக்கும்போது முன்பக்கத்திலிருந்தும் படமெடுக்கச் சொல்லி, அதை உங்கள் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.